இரவு ரயிலுக்கு எந்த வகுப்பு?

இரவு ரயிலில் பயணச்சீட்டு வாங்குபவர் இரண்டு பொருள்களை ஒரே விலையில் வாங்குகிறார். ஒன்று, ஊர் போய்ச் சேர்வது. மற்றொன்று, அந்த இரவின் தூக்கம். முதலாவதில் வகுப்புகளுக்கிடையே வேறுபாடு இல்லை. ஒரே ரயிலின் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில்தான் ஊர் சேர்கின்றன. வேறுபாடு முழுவதும் இரண்டாவதில்தான். ஆகவே ஸ்லீப்பரா, சேர் காரா, ஏசியா என்ற கேள்வி, எட்டு மணி நேரம் எப்படிப்பட்ட இடத்தில், யார் யாருக்கு நடுவில், என்ன செலவில் உடம்பைக் கிடத்துவது என்ற கேள்விதான்.

இதற்குச் சென்னை – மதுரை இரவுப் பயணம் நல்ல எடுத்துக்காட்டு. ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பதரை மணிக்கு மேல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நள்ளிரவில் விழுப்புரத்தையும் பின்னிரவில் திருச்சியையும் கடந்து, விடியும் நேரத்தில் மதுரை சேர்கிறது. ரயில்வே விதிப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தூங்கும் நேரம். மிடில் பெர்த்தை அந்த நேரத்தில்தான் விரித்து வைக்கலாம். பாண்டியனின் பயணம் கிட்டத்தட்ட முழுவதும் அந்த நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

வகுப்புகளும் விலையும்

பயணச்சீட்டில் SL என்று அச்சாவது ஏசி இல்லாத ஸ்லீப்பர். 3A என்பது மூன்றடுக்கு ஏசி, 2A என்பது இரண்டடுக்கு ஏசி, 1A என்பது கதவுள்ள அறைகளைக் கொண்ட முதல் வகுப்பு ஏசி. CC என்பது ஏசி சேர் கார். அதில் படுக்கை கிடையாது, சாய்ந்துகொள்ளும் இருக்கை மட்டுமே. சில ரயில்களில் 3E என்ற எகானமி வகுப்பும் உண்டு. அது மூன்றடுக்கு ஏசிதான். ஆனால் ஒரே பெட்டிக்குள் கூடுதல் படுக்கைகள் இருப்பதால் இடம் சற்று நெருக்கம், கட்டணமும் சற்றுக் குறைவு.

சென்னை – மதுரை தூரத்துக்கு ஸ்லீப்பர் கட்டணம் தோராயமாக 330 ரூபாய், மூன்றடுக்கு ஏசி 850, இரண்டடுக்கு ஏசி 1,200, முதல் வகுப்பு 2,000 என்ற அளவில் அமைகின்றன. கட்டணம் அவ்வப்போது திருத்தப்படும். ஆனால் வகுப்புகளுக்கிடையேயான விகிதம் பெரிதாக மாறுவதில்லை. அந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஸ்லீப்பரிலிருந்து மூன்றடுக்கு ஏசிக்கு ஏறும்போது விலை இரண்டரை மடங்காகிறது. அங்கிருந்து இரண்டடுக்குக்கு ஏற, ஏறத்தாழ நாற்பது விழுக்காடுதான் கூடுகிறது. அதாவது பெரிய தாவல் முதல் படியில்தான் இருக்கிறது. ஏசி வகுப்புகளின் கட்டணத்தில் 5 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்கிறது. ஸ்லீப்பருக்கு அது இல்லை. முன்பதிவுக் கட்டணமும் ஸ்லீப்பருக்கு 20 ரூபாய், மூன்றடுக்கு ஏசிக்கு 40 ரூபாய் என்று வேறுபடுகிறது.

மூத்த குடிமக்களுக்கு முன்பு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதனால் அறுபது வயதைக் கடந்தவரும் இப்போது முழுக் கட்டணத்தைத்தான் கணக்கிட வேண்டும். ஐந்து முதல் பதினொரு வயது வரையிலான குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். பெற்றோரின் படுக்கையிலேயே படுக்க வைத்துக்கொள்வதானால் பாதிக் கட்டணம். ஆனால் ஒரு படுக்கையின் அகலம் இரண்டடியை ஒட்டியதுதான். எட்டு வயதுக் குழந்தையோடு அதைப் பகிர்ந்துகொள்பவர் தூங்குவது கடினம்.

ஸ்லீப்பர்: காற்றும் சத்தமும்

ஸ்லீப்பரின் வசதி பருவத்தைப் பொறுத்தது. மார்கழி, தை மாதங்களில் ரயில் ஓடத் தொடங்கியதும் சன்னல் காற்றே போதும். பின்னிரவில் ஷட்டரை இறக்கிவிட்டுப் போர்வை தேட வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசியில் நிலைமை வேறு. பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த பெட்டியின் கூரை நள்ளிரவு வரை சூட்டை விடுவதில்லை. அந்தச் சூடு முதலில் தாக்குவது கூரைக்கு அடியிலேயே இருக்கும் அப்பர் பெர்த்தை. மழைக்காலத்தில் எல்லோரும் ஷட்டரை இறக்கிவிடுவதால் காற்றோட்டம் நின்று புழுக்கம் கூடும்.

சன்னல் திறந்திருப்பதால் வண்டிச் சத்தமும், நிலையங்களின் ஒலிபெருக்கியும், தேநீர் விற்பவரின் குரலும் உள்ளே வரும். ஸ்லீப்பரில் கம்பளியும் தலையணையும் வழக்கமாகக் கொடுக்கப்படுவதில்லை. ஒரு போர்வையும் காற்றடைக்கும் தலையணையும் கொண்டு போவது நல்லது. ஏசி படுக்கை வகுப்புகளில் விரிப்புகள், கம்பளி, தலையணை, கைத்துண்டு ஆகியவை கட்டணத்திலேயே அடங்கும்.

ஸ்லீப்பரின் மற்றொரு குறை, பண்டிகை நாட்களின் நெரிசல். உறுதியாகாத வெயிட்டிங் லிஸ்ட் சீட்டோடு முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது என்பது விதி. ஆனால் பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் முன்பதிவில்லாப் பெட்டிகள் நிரம்பி வழியும்போது, அந்தக் கூட்டம் முதலில் புகுவது ஸ்லீப்பரின் நடைபாதையிலும் கதவோரத்திலும்தான். சாதாரண வாரநாளில் நன்றாகத் தூங்க முடிகிற அதே பெட்டியில், அன்றைக்குக் கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதே பாடாகிவிடும். பண்டிகைக் காலத்தில் ஏசிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தின் பெரும்பகுதி குளிருக்கானதன்று, இந்த நெரிசலைத் தவிர்ப்பதற்கானது.

சேர் கார்: இரவுக்கு எப்போது பொருந்தும்

தமிழ்நாட்டின் வழக்கமான இரவு ரயில்கள் படுக்கைப் பெட்டிகளைக் கொண்டவை. சேர் கார் என்பது வைகை, பல்லவன் போன்ற பகல் ரயில்களுக்கு உரியது. பண்டிகை நெரிசலின்போது வந்தே பாரத் வகைச் சேர் கார் ரயில்கள் சில முறை இரவிலும் சிறப்பு ரயில்களாக ஓட்டப்பட்டுள்ளன. அப்படிப்பட்ட ரயிலில் இருக்கை கிடைத்தாலும், எட்டு மணி நேரம் உட்கார்ந்தபடியே தூங்குவது எல்லோருக்கும் இயலாது.

இதற்குக் காரணம் உடம்பின் அமைப்பு. உட்கார்ந்த நிலையில் கால்களுக்கு இறங்கும் இரத்தம் மேலேறுவது மந்தமாகிறது; மணிக்கணக்கில் காலை அசைக்காமல் இருந்தால் கணுக்கால் வீங்குகிறது. கழுத்துக்குப் பக்கவாட்டுத் தாங்கல் இல்லாததால், ஆழ்ந்து தூங்கும்போது தலை சரிந்து விழிப்புத் தட்டுகிறது. சேர் காரின் ஒரு வரிசையில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு இருக்கைகள். சன்னலோரம் இருப்பவர் எழுந்திருக்க வேண்டுமானால் மற்றவர்களை எழுப்பியாக வேண்டும். கர்ப்பிணிகள், நரம்புச் சுருட்டல் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இரவு முழுதும் சேர் கார் ஏற்றதன்று. நான்கைந்து மணி நேரத்தில் முடியும் பயணமானால், இளவயதினர் தாங்கிக்கொள்ளலாம்.

சேர் காரின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது: இரவுப் பயணத்தையே தவிர்க்க அது உதவும். பிற்பகலில் சென்னையில் புறப்படும் வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் இரவு உணவு நேரத்துக்குச் சற்றுப் பின் மதுரை சேரலாம்; தூக்கம் வீட்டிலேயே. அதன் ஏசி சேர் கார் கட்டணம் 700 ரூபாயை ஒட்டியது. மூன்றடுக்கு ஏசியை விடக் குறைவு. வந்தே பாரத் இன்னும் விரைவு, ஆனால் அதன் சேர் கார் கட்டணம் எக்ஸ்பிரஸ் ரயிலின் மூன்றடுக்கு ஏசியையே மிஞ்சிவிடும். மதுரையில் தங்க வீடு இருப்பவருக்கு இந்தப் பிற்பகல் பயணம் லாபம். விடுதியில் அறை எடுக்க வேண்டியவருக்கு அறை வாடகையும், வேலையில் இழக்கும் அரைநாளும் சேர்ந்து, மலிவாகத் தெரிந்த சேர் காரை இரண்டடுக்கு ஏசியை விட விலை உயர்ந்ததாக்கிவிடும்.

ஏசி வகுப்புகள்: கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது

மூன்றடுக்கு ஏசியின் படுக்கை அமைப்பு ஸ்லீப்பரைப் போலவேதான்: ஒவ்வொரு பகுதியிலும் எதிரெதிராக மும்மூன்று, நடைபாதையின் மறுபக்கம் இரண்டு, ஆக எட்டு. ஆகவே அங்கே வாங்கப்படுவது கூடுதல் இடமன்று. மூடிய சன்னல் தரும் அமைதி, தூசியின்மை, சீரான குளிர், போர்வை, ஆள் நடமாட்டக் குறைவு ஆகியவையே. படுக்கை மெத்தை சற்று நன்றாக இருக்கும். குளிர் சீராக இருந்தாலும் எல்லாப் படுக்கைக்கும் ஒரே மாதிரி இருக்காது. கூரையில் உள்ள காற்றுத் துளைக்கு அருகே இருப்பதால் அப்பர் பெர்த்தில் குளிர் கடுமையாகத் தெரியும். சளி, காது வலித் தொல்லை உள்ளவர்கள் காதை மூடும் துணியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டடுக்கு ஏசியில்தான் இடம் உண்மையாகவே கூடுகிறது. மிடில் பெர்த் இல்லாததால் லோயர் பெர்த்தில் நிமிர்ந்து உட்காரலாம். மற்றவர் தூங்கப் போகும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பகுதியில் எட்டுப் பேருக்குப் பதில் ஆறு பேர். திரைச்சீலையும் உண்டு. முழங்கால் வலியுள்ள முதியவர், கைக்குழந்தையுள்ள தாய் ஆகியோருக்கு மூன்றடுக்கிலிருந்து இரண்டடுக்குக்குக் கொடுக்கும் 350 ரூபாய், ஸ்லீப்பரிலிருந்து மூன்றடுக்குக்குக் கொடுக்கும் 520 ரூபாயை விடக் கூடுதல் பயன் தரக்கூடும்.

முதல் வகுப்பில் நால்வருக்கான அறைகளும் இருவருக்கான கூபேக்களும் உண்டு, உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளலாம். ஆனால் எந்த அறை, உடன் யார் என்பது சீட்டு வாங்கும்போது தெரியாது. சார்ட் தயாராகும்போதுதான் ஒதுக்கப்படும். நால்வராகச் செல்லும் குடும்பத்துக்கு இது வீடு போன்ற தனிமை. தனியாகச் செல்பவருக்கோ, முகம் தெரியாதவர்களுடன் மூடிய அறையில் இரவைக் கழிப்பதாகவும் முடியலாம்.

வகுப்பை விடப் படுக்கை முக்கியம்

ஒரே வகுப்புக்குள் ஒரு படுக்கைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு, சில நேரம் இரண்டு வகுப்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை விடப் பெரிது. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் எண்களைப் பார்த்தே படுக்கையை அறியலாம். 1, 4 லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். 8 சைடு அப்பர். எட்டெட்டாக இதே வரிசை திரும்பத் திரும்ப வரும். 35-ஆம் எண் என்றால், எட்டின் மடங்கான 32-ஐக் கழிக்க மீதி 3, எனவே அப்பர்.

பெட்டியின் இரு முனைகளிலும் உள்ள படுக்கைகள் கழிப்பறைக்கும் கதவுக்கும் சக்கரங்களுக்கும் அருகில் இருப்பவை. இரவெல்லாம் கதவு அடிக்கும் சத்தமும், நடைபாதை விளக்கும், வாடையும் அங்கேதான். நடுப்பகுதியின் முப்பதை ஒட்டிய எண்கள் அமைதியானவை, அதிர்வும் குறைவு. சைடு பெர்த்துகள் உள்பக்கப் படுக்கைகளை விட நீளம் குறைந்தவை. உயரமானவர் அவற்றில் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். நடைபாதையில் போகிறவர்களின் பையும் தோளும் இடித்துக்கொண்டே இருக்கும்.

இதை விடப் பெரிய பொறி ஆர்.ஏ.சி. சீட்டு. ஒரு சைடு லோயர் பெர்த்தை இரண்டு பேருக்குப் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுப்பதே ஆர்.ஏ.சி. ஏறுவதற்கு உரிமை உண்டு. ஆனால் படுக்கை உறுதியாகாவிட்டால் இரவு முழுவதும் இருவரும் எதிரெதிரே காலை மடக்கி உட்கார்ந்திருக்க வேண்டும். 850 ரூபாய் கொடுத்து மூன்றடுக்கு ஏசியில் ஆர்.ஏ.சி.யில் போகிறவர், 330 ரூபாய்க்கு ஸ்லீப்பரில் உறுதியான அப்பர் பெர்த்தில் படுத்திருப்பவரை விட மோசமாகவே தூங்குவார். சேர் காரில் சாய்வாவது உண்டு, ஆர்.ஏ.சி.யில் அதுவும் இல்லை. எனவே இரவுப் பயணத்தில், உயர்ந்த வகுப்பின் உறுதியாகாத சீட்டை விடத் தாழ்ந்த வகுப்பின் உறுதியான சீட்டே மேல்.

பாதுகாப்பு: அச்சமும் உண்மையும்

பாதுகாப்பு என்றதும் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து பேசப்படுகின்றன. ஒன்று விபத்து, மற்றொன்று திருட்டும் தொல்லையும்.

விபத்தில் காப்பது வகுப்பன்று, பெட்டியின் வகை. பழைய ஐசிஎஃப் வடிவமைப்பைக் காட்டிலும் இப்போதைய எல்எச்பி பெட்டிகளில், மோதும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதைத் தடுக்கும் இணைப்பும் உறுதியான கூடும் உண்டு. பழைய வடிவமைப்பின் உற்பத்தி 2018-இல் நிறுத்தப்பட்டது. ஒரு ரயில் எல்எச்பி பெட்டிகளைக் கொண்டது என்றால், அதன் ஸ்லீப்பரும் ஏசியும் இதில் சமம். தீ விபத்தைப் பொறுத்தவரை ஏசிப் பெட்டியின் சன்னல்கள் மூடியவை என்பதால், சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்ட அவசர சன்னல் எங்கே இருக்கிறது என்று ஏறியவுடன் பார்த்துக்கொள்வது அங்கே கூடுதல் முக்கியம்.

திருட்டில் வகுப்புக்கு வகுப்பு முறை மாறுகிறது. ஸ்லீப்பரில் ஆபத்து சன்னல் வழியாக வருகிறது. நிலையத்தில் நிற்கும்போதோ, சிக்னலுக்காக ரயில் மெல்ல ஊரும்போதோ வெளியிலிருந்து கையை விட்டுச் சங்கிலியையும் அலைபேசியையும் பறிப்பதே வழக்கமான முறை. லோயர் பெர்த்தில் படுப்பவர் நடைபாதைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதும், நிலையங்களில் ஷட்டரை இறக்கித் தாழிடுவதும், நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் பயணம் செய்வதும் இதைப் பெருமளவு தடுக்கும். அப்பர் பெர்த்துக்கு இந்த ஆபத்தே இல்லை. ஏசியில் சன்னல் வழி அடைபட்டிருக்கிறது. அங்கே நடப்பது பெட்டித் திருட்டு. நல்ல உடையில் ஏறி, பின்னிரவு நிலையமொன்றில் அடுத்தவர் பையோடு இறங்கிவிடுபவரை யாரும் சந்தேகிப்பதில்லை. லோயர் பெர்த்தின் அடியில் உள்ள வளையத்தில் சங்கிலியால் பையைப் பூட்டுவது ஸ்லீப்பரைப் போலவே ஏசியிலும் அவசியம்.

தனியாகச் செல்லும் பெண்களுக்கு ஸ்லீப்பர் வகுப்பில் ஆறு படுக்கைகள் கொண்ட பெண்கள் ஒதுக்கீடு உண்டு; வயது வரம்பில்லை. முன்பதிவின்போது அதைத் தேர்ந்தெடுத்தால் சக பெண் பயணிகளுக்கு அருகிலேயே இடம் கிடைக்க வாய்ப்பு கூடும். குடும்பங்கள் நிறைந்த மூன்றடுக்கு ஏசியின் அப்பர் பெர்த், பலருக்கு முதல் வகுப்பின் மூடிய அறையை விட நிம்மதியானது. எந்த வகுப்பானாலும் தொல்லை நேர்ந்தால் 139 என்ற எண்ணை அழைக்கலாம். பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் சொன்னால் அடுத்த நிலையத்தில் ரயில்வே பாதுகாப்புப் படையினரை வரவழைக்க முடியும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கணவன், மனைவி, எட்டு வயதுக் குழந்தை, முழங்கால் வலியுள்ள 68 வயதுத் தாய் ஆகிய நால்வர் மே மாதத்தில் சென்னையிலிருந்து மதுரை செல்வதாகக் கொள்வோம். நான்கு படுக்கைகளுக்கு ஸ்லீப்பரில் ஏறத்தாழ 1,320 ரூபாய், மூன்றடுக்கு ஏசியில் 3,400, இரண்டடுக்கு ஏசியில் 4,800. வெயில் காலம் என்பதால் ஸ்லீப்பரில் முதியவரும் குழந்தையும் நள்ளிரவு வரை புழுங்க நேரும். மூன்றடுக்கு ஏசிக்குக் கூடுதலாகும் 2,080 ரூபாய்க்குப் பொருள் இருக்கிறது. அதே குடும்பம் தை மாதத்தில் சாதாரண வாரநாளில் சென்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

தாயை ஒருவரோடு ஏசியிலும் மற்ற இருவரை ஸ்லீப்பரிலும் அனுப்பினால் செலவு 2,360 ரூபாய்தான். ஆனால் ஏசிப் பெட்டிகளுக்கும் ஸ்லீப்பருக்கும் இடையிலான வழி இரவில் பூட்டப்படுவது வழக்கம். இடையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடியாது. குழந்தை யாரிடம் இருக்க வேண்டும், மருந்துப் பை யாரிடம் இருக்க வேண்டும் என்று ஏறும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் குடும்பத்துக்கு முக்கியமானது தாயின் லோயர் பெர்த். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அறுபது வயதான ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அது, தகுதியுள்ளவர் தனியாகவோ, தகுதியுள்ள இருவர் மட்டுமோ ஒரு சீட்டில் பதிவு செய்யும்போதுதான் செல்லும். நால்வரையும் ஒரே சீட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு கிடையாது. தாய்க்கு மிடிலோ அப்பரோ விழலாம். தாய்க்குத் தனிச் சீட்டும், மற்ற மூவருக்கு வேறு சீட்டும் எடுப்பதே சரி. இரண்டும் ஒரே பெட்டியில் அமையாமல் போகக்கூடும். அப்படியானால் தனியாக விழுந்த பயணி ஒருவரிடம் படுக்கையை மாற்றிக்கொள்ளக் கேட்கலாம். லோயரைக் கொடுத்து இன்னொரு பெட்டியின் லோயரைக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பதிவின்போது, மேல் வகுப்பில் இடம் காலியானால் கூடுதல் கட்டணமின்றி அங்கே மாற்றிவிடும் வசதிக்குச் சம்மதமா என்ற கேள்வியும் வரும். இளைஞர்கள் தயங்காமல் சம்மதிக்கலாம். ஆனால் அப்படி மாறும்போது, கைவசம் இருந்த லோயர் பெர்த் போய் அப்பர் வரலாம். ஆகவே தாயின் சீட்டுக்கு அதை மறுப்பதே பாதுகாப்பானது.

முன்பதிவு, பயண நாளைக் கணக்கில் சேர்க்காமல் 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. நினைத்த வகுப்பில் அதற்குள் இடம் தீர்ந்துபோனால், முதலில் வேறு வகுப்பின் உறுதியான இடத்தையும், அடுத்து வேறு ரயிலையும், அதன்பின் தட்கலையும் பார்ப்பது நல்ல வரிசை. தட்கல் பதிவு, ரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் ஏசியில் தவறவிட்டவருக்கு ஸ்லீப்பரில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்பது இந்த இடைவெளியின் பயன். அதுவும் கிடைக்காதபோது, முதியவரும் குழந்தையும் உள்ள குடும்பம் ஆர்.ஏ.சி. சீட்டோடு இரவில் கிளம்புவதை விட, மறுநாள் பிற்பகல் சேர் காரில் செல்வதே மேல்.